சாம்பல் எழுத்தும் எண்பது வயதுக் கண்ணும்

அளவெட்டியில் எங்கள் ஒழுங்கையின் முடிவில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வயது எண்பத்தொன்று. ஊரில் எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. காலைத் தேநீர் முடிந்ததும் முற்றத்து வேம்பின் கீழ் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு, கனடாவிலிருந்து மகள் அனுப்பிய கைத்தொலைபேசியில் மரண அறிவித்தல்களை வாசிப்பார். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் யாழ்ப்பாணத்தை அறியாதவர்கள். ஒரு தலைமுறை உலகம் முழுவதும் சிதறிய பிறகு, யார் இன்னும் இருக்கிறார், யார் போய்விட்டார், யாருடைய பிள்ளை எந்த நாட்டில் என்பதையெல்லாம் எங்கள் வயதினர் அறிந்துகொள்ளும் பதிவேடு அந்த அறிவித்தல்தான்.

சென்ற மாசியில் மல்லாகத்தில் மாஸ்டரின் பள்ளித் தோழர் காலமானார். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து சேரவேண்டியிருந்ததால் இறுதிக்கிரியை சில நாள் தள்ளி வைக்கப்பட்டது. அறிவித்தலை வாசித்த மாஸ்டர் 15ஆம் திகதி காலை வேட்டி சால்வையுடன் முச்சக்கரவண்டியில் போய் இறங்கினார். அங்கே பந்தற்காரர்கள் கம்பு கழற்றிக்கொண்டிருந்தார்கள். கிரியை 13ஆம் திகதியே முடிந்துவிட்டது. அறுபத்தைந்து வருடச் சிநேகிதம். ஒரு பிடி வாய்க்கரிசி போடக் கொடுத்துவைக்கவில்லை.

அன்று மாலை என்னிடம் வந்து, "எனக்குக் கண் போட்டுது தம்பி, இனி உந்தப் போனைத் தொடமாட்டன்" என்றார். நான் கைத்தொலைபேசியை வாங்கிப் பார்த்தேன். இறந்தவரின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. இணையத்தளத்தின் சின்னம் அதைவிடப் பெரிதாக இருந்தது. திகதியும் நேரமும் மட்டும் வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்வது போல ஒரு வரியில் கிடந்தன. எனக்கு எழுபத்து நான்கு வயது, ஒரு கண்ணில் புரை நீக்கியாயிற்று, மூக்குக்கண்ணாடியும் இருக்கிறது. எனக்கும் அந்த 3, 5 போலத்தான் தெரிந்தது. மாஸ்டருக்குக் கண் போகவில்லை. எழுத்துத்தான் போயிருக்கிறது.

நாற்பது வருடம் பத்திரிகை அலுவலகங்களில் எழுத்தோடு மாரடித்தவன் நான். திகதியைப் பிழையாக அச்சிட்டால் மறுநாள் ஆசிரியபீடத்துக்கு ஆள் வரும், திருத்தம் போடுவோம், சிலவேளை மன்னிப்பும் கேட்போம். சரியான திகதியை வாசிக்க முடியாதபடி இட்டால் மட்டும் யாருக்கும் பொறுப்பில்லையா? இந்தக் கேள்வியோடு அந்த இணையத்தளத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். தளத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இதே நோய் பல தளங்களுக்கு உண்டு. ஒன்றை மட்டும் சந்தியில் நிறுத்துவது நியாயமல்ல.

பதில் மரியாதையாகவே வந்தது. எழுதியவர் ஐரோப்பாவில் பிறந்து வளர்ந்த இளம் வடிவமைப்பாளர். "அங்கிள், உங்கள் சிரமம் விளங்குகிறது. ஆனால் இது எங்கள் பிராண்ட். கையேட்டில் உள்ளதை நான் மாற்ற முடியாது" என்றார். கையேட்டையும் இணைத்திருந்தார். நாற்பது பக்கத்துக்கு மேல். சின்னத்தைச் சுற்றி எவ்வளவு வெற்றிடம் விடவேண்டும், அதை எப்படிச் சாய்க்கக்கூடாது, எந்த நிறத்தின்மீது வைக்கக்கூடாது என்பதற்கே பல பக்கங்கள் போயிருந்தன. செய்தி எழுத்துக்கு ஒரே ஒரு பத்தி: அளவு 14 பிக்சல், வரி உயரம் 1.2, எழுத்து இடைவெளி −0.02em, துணைத் தகவல்களின் நிறம் #999999. உதாரணத்துக்குக் காட்டியிருந்த வாக்கியம் ஆங்கிலம். தமிழ்த் தளமொன்றின் எழுத்து விதி, ஒரு தமிழ் எழுத்தைக்கூடப் பாராமல் எழுதப்பட்டிருந்தது.

அந்தத் தம்பிமீது எனக்குக் கோபமில்லை. 'பிராண்ட்' என்ற சொல்லை வேதவாக்கு ஆக்கி, அதற்குள் வாசிப்பவனின் கண்ணுக்கு ஓர் அங்குல இடமும் விடாத வழக்கத்தின்மீதுதான் கோபம். அந்த ஒரே பத்தியை எண் எண்ணாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் நிறம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டை அளக்க உலகளாவிய வலைத் தரநிர்ணய அமைப்பான W3C ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதன் அணுகல்தன்மை வழிகாட்டியான WCAG 2.0, 2008 டிசெம்பரில் வெளியானது. ஒவ்வொரு நிறத்தின் ஒளிர்வையும் 0 முதல் 1 வரை அளந்து, இரண்டுடனும் 0.05 ஐக் கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்கவேண்டும். வெள்ளையில் கறுப்பு 1.05 ÷ 0.05, அதாவது 21. அதற்கு மேல் எதுவுமில்லை. #999999 என்ற சாம்பலின் ஒளிர்வு 0.3185. ஆகவே 1.05 ÷ 0.3685, விடை 2.85. சாதாரண எழுத்துக்கு வழிகாட்டி கேட்கும் குறைந்தபட்சம் 4.5. மாஸ்டரிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தபோது மனதாலேயே வகுத்து, "அரைவாசி கொஞ்சம் தாண்டித்தான் வாங்கியிருக்கினம். நான் திருத்தின காலத்தில இது பாஸ் இல்லை" என்றார்.

அந்த 4.5 எங்கிருந்து வந்தது என்பதைப் பலர் கேட்பதில்லை. வழக்கமான பார்வை உள்ளவருக்கு 3 போதும் என்பது பழைய திரைத் தரநிர்ணயங்களின் முடிவு. பார்வை 6/12 ஆகக் குறைந்தவருக்கு, அதாவது நல்ல கண் 12 மீற்றரில் காண்பதை 6 மீற்றரில் மட்டுமே காணக்கூடியவருக்கு, அதை ஒன்றரை மடங்காக்கினார்கள். மூன்றின் ஒன்றரை மடங்கு 4.5. ஏறத்தாழ எண்பது வயதினரின் வழமையான பார்வை அந்த 6/12 தான் என்று W3C யின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. அதாவது இந்த எண்ணை வகுத்தவர்கள் மாஸ்டரைப் போன்ற ஒருவரையே எதிரே இருத்தி வகுத்திருக்கிறார்கள். எண்பது வயதுக்காரர் வாசிக்கும் அறிவித்தலில் அதே எண்ணைக் கைவிடுவதற்கு என்ன பெயர் வைப்பது?

வயது ஏறும்போது கண்மணி சுருங்கும், வில்லை மஞ்சளாகும். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதுக் கண்ணுக்குக் கிடைக்கும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கே போய்ச் சேரும் என்பது கண் மருத்துவத்தில் நெடுநாளாகச் சொல்லப்படுவது. புரை விழத் தொடங்கினால் உள்ளே போகும் ஒளியும் சிதறும்; வெள்ளைத் திரை முழுவதும் மூடுபனி போலாகும். அந்த மூடுபனியில் முதலில் கரைந்து மறைவது சாம்பல் எழுத்து.

இங்கே ஒரு பழைய நினைவு குறுக்கிடுகிறது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பத்திரிகைத் தாள் கிடைக்கவில்லை. கோடு போட்ட பயிற்சிக் கொப்பித் தாளிலும் மண்ணிறத் தாளிலும் பத்திரிகை அச்சாயிற்று. மின்சாரமும் இல்லை, ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில் ஊர் அதை வாசித்தது. ஆனால் மை கறுப்பு. கிடைத்த தாளில், கிடைத்த மையில், எவ்வளவு கறுப்பாக அடிக்கமுடியுமோ அவ்வளவு கறுப்பாக அடித்தோம். இன்று இலட்சக்கணக்கான நிறங்களைக் காட்டும் திரையைக் கையில் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து, வெளிறிய எழுத்தை இடுகிறோம். அன்று இல்லாமை; இன்று 'நேர்த்தி'.

பிராண்டின் நிறத்தைக் கைவிடச் சொல்கிறேனா? இல்லை. அந்தத் தளத்தின் அடையாள நிறம் செம்மஞ்சள், #FF9900. பொத்தான்களில் அதன்மீது வெள்ளை எழுத்து வைத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டால் 2.14. அதே செம்மஞ்சளின்மீது கறுப்பு எழுத்தை வைத்தால் 9.8. நிறம் அப்படியே இருக்கிறது, சின்னமும் அப்படியே. உள்ளே இருக்கும் எழுத்து மட்டும் மாறுகிறது. சின்னத்தில் உள்ள எழுத்துக்கு வழிகாட்டி எந்த நிபந்தனையும் விதிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சின்னத்தை எந்தச் சாயத்தில் வேண்டுமானாலும் தோய்த்துக்கொள்ளுங்கள். திகதியைத் தோய்க்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இந்தக் கணக்கு நிறத்தை மட்டுமே பார்க்கும். கோட்டின் தடிப்பைப் பாராது. #767676 என்ற சாம்பல் 4.54 பெற்றுத் தப்பிவிடும். ஆனால் அதே நிறத்தில், 'லைட்' எனப்படும் மெல்லிய எழுத்துருவில், சிறிய அளவில் இட்டால் திரை அந்த மெல்லிய கோட்டின் விளிம்புகளைப் பின்னணியோடு கலந்து வரையும். கண்ணுக்குக் கிடைப்பது கணக்கில் வந்ததைவிட வெளிறியதாகவே இருக்கும். இதில் தமிழுக்கு வரும் கேடு ஆங்கிலத்துக்கு வருவதைவிடப் பெரிது. எங்கள் எழுத்தில் பொருளைத் தாங்கி நிற்பவை மிகச் சிறிய உறுப்புகள். மெய்யின் தலையில் ஒரு புள்ளி. 'கெ' என்பதையும் 'கே' என்பதையும் பிரிப்பது கொம்பின் ஒரு சுழி. 'எ' என்பதையும் 'ஏ' என்பதையும் பிரிப்பது காலடியில் ஒரு கீற்று. புள்ளி கரைந்தால் 'கல்' என்பது 'கல' ஆகும். சுழி கரைந்தால் 'பேறு' என்பது 'பெறு' ஆகும். ஓலைச்சுவடியில் புள்ளி இடும் வழக்கமில்லாமையால் பழைய பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை நாங்கள் படித்திருக்கிறோம். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அந்தப் பாட்டைப் பட்டது ஏட்டிலிருந்து நூலை மீட்பதற்காக. மாஸ்டர் படுவது ஒரு சாவீட்டுக்குப் போவதற்காக.

அடுத்தது அளவு. '14 பிக்சல் என்பது சிறிதல்லவே, பத்திரிகை எழுத்துக்குச் சமம்தானே' என்று அந்தத் தம்பி ஒரு மின்னஞ்சலில் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நாங்கள் ஈய எழுத்துக் கோத்த காலத்தில் எங்கள் அச்சகத்தில் செய்தி எழுத்து 10 பொயின்ற். ஓர் அங்குலத்துக்கு 72 பொயின்ற். மேசைக் கணினியின் பழைய கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல். அதன்படி 14 பிக்சல் பத்தரைப் பொயின்ற். இதுவரை சரி. ஆனால் கைத்தொலைபேசியில் இணையப் பக்கத்தின் பிக்சல் அவ்வளவு பெரிதல்ல. ஏறத்தாழ ஓர் அங்குலத்தின் 160இல் ஒரு பங்கு. அங்கே 14 பிக்சலை அடிமட்டம் வைத்து அளந்தால் சுமார் 6.3 பொயின்ற். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாளின் எழுத்து அது.

கைத்தொலைபேசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிப்போம், ஆகவே சிறிய எழுத்தும் பெரிதாகவே தெரியும் என்ற எண்ணத்தில்தான் இந்தச் சிறிய பிக்சல் உருவானது. இருபத்தைந்து வயதுக்காரர் ஓர் அடி தூரத்தில் பிடிப்பார். நாற்பதைத் தாண்டினால் கண்வில்லை கிட்டப் பார்வைக்கு வளையாது, வெள்ளெழுத்து வரும், கை நீளும். மாஸ்டர் கைத்தொலைபேசியை முழங்கை நிமிர்ந்து நிற்கும் தூரத்தில்தான் பிடிக்கிறார். யாருக்குப் பெரிய எழுத்து வேண்டுமோ அவர்தான் தூரத்தில் பிடிக்கிறார். எழுத்து இரட்டிப்பாகச் சிறுக்கிறது.

அதற்குமேல் தமிழின் கட்டமைப்பு வேறு. ஆங்கிலத்து 'o' ஒரு வட்டம். எங்கள் 'ணை' அதே உயரத்துக்குள் எத்தனை சுழியும் கோடும் கொள்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் நன்றாகத் தெரியும் 14 இல் 'ண'வும் 'ன'வும் ஒன்றுபோலாகும். ஆங்கிலத்துக்கு வகுத்த அளவைத் தமிழுக்கு அப்படியே இடுவது, அண்ணனுக்குத் தைத்த சட்டையைத் தம்பிக்குப் போடுவது போலல்ல; சால்வையைச் சட்டையாகப் போடுவது போன்றது.

'நாங்கள் WCAG யின்படிதான் நடக்கிறோம்' என்று மார்தட்டும் நிறுவனங்களுக்கு ஒரு செய்தி: அந்த வழிகாட்டி எழுத்துக்குக் குறைந்தபட்ச அளவு எதையும் சொல்லவே இல்லை. இருநூறு விழுக்காடு பெரிதாக்கினாலும் பக்கம் குலையக்கூடாது என்று மட்டுமே சொல்கிறது. 'பெரிய எழுத்து' என்றால் எவ்வளவு என்று வரையறுக்கும் இடத்தில் 18 பொயின்ற், தடித்ததானால் 14 பொயின்ற் என்கிறது. சீன, யப்பானிய, கொரிய எழுத்துகளுக்கு அதற்கு இணையான அளவு என ஒரு சொற்றொடரையும் சேர்த்திருக்கிறது. தமிழைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. உலகத்துக்கெல்லாம் எழுதுபவர்கள் அவ்வளவுதான் எழுதமுடியும். மிச்சத்தை எழுதவேண்டியவர்கள் தமிழில் தளம் நடத்துபவர்கள். அதை எழுதவேண்டிய இடம், வடிவமைப்பாளர் ஒவ்வொரு நாளும் திறந்து பார்க்கும் அந்தப் பிராண்ட் கையேடுதான். தனியாக 'அணுகல்தன்மைக் கொள்கை' என்று ஒரு பக்கத்தை எழுதி அடிக்குறிப்பில் தொங்கவிட்டால் அதை யாரும் திறக்கமாட்டார்கள். கையேட்டோடு முரண்பட்டால் கையேடே வெல்லும். அந்தத் தம்பியின் பதிலே அதற்குச் சாட்சி.

இனி வரி இடைவெளி. ஈய எழுத்துக் காலத்தில் வரிக்கும் வரிக்கும் நடுவே மெல்லிய ஈயத்தகடு ஒன்றைச் செருகுவோம். தகடு குறைந்த நாளில் நெருக்கிக் கோத்தால், மேல் வரியின் 'கூ' கீழ் வரியின் 'கீ'யோடு முட்டும். அச்சுக்கோப்பாளர் முறைப்பாடு செய்வார். ஆங்கிலத்தில் கோட்டுக்குக் கீழே இறங்குவது g, p, y போன்ற சில எழுத்துகளே. தமிழில் உகர ஊகாரம் ஏறிய பல எழுத்துகளும் கீழே இறங்கும். இகர ஈகாரமும் புள்ளியும் மேலே ஏறும். பல தமிழ் எழுத்துருக்களுக்கு 1.2 என்ற வரி உயரம் அவற்றின் சொந்த உயரத்துக்கே காணாது. வயதானவரின் கண் ஒரு வரி முடிந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் தாவும்போது, நடுவே வெள்ளை இல்லாவிட்டால் அதே வரிக்கே திரும்பும், அல்லது ஒன்றைத் தாண்டிவிடும். மாஸ்டர் வாசிக்கும்போது பார்த்தேன்: வரிக்குக் கீழே சுட்டுவிரலை வைத்துக்கொண்டு வாசிக்கிறார். தொடுதிரையில் விரல் பட்டதும் விளம்பரம் திறக்கிறது.

இடைவெளி பற்றி WCAG 2.1 இல் 2018இல் சேர்ந்த விதியொன்றைப் பலரும் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். வரி உயரம் 1.5 மடங்கு, பந்தி இடைவெளி இரு மடங்கு, எழுத்து இடைவெளி 0.12, சொல் இடைவெளி 0.16 என்ற எண்கள் அதில் வருகின்றன. 'இப்படி அமையுங்கள்' என்று அது சொல்லவில்லை. வாசகர் தன் வசதிக்கு இப்படி விரித்துக்கொண்டால் உங்கள் பக்கம் சிதையக்கூடாது என்றே சொல்கிறது. அந்தத் தளத்தில் விரித்துப் பார்த்தேன். பொத்தானின் உயரம் 40 பிக்சல் என்று இறுக்கிக் கட்டியிருந்தபடியால் 'தொடர்புகளுக்கு' என்ற சொல்லின் அடிப்பகுதி அறுந்தது. தலைப்புகள் இரண்டாம் வரியின் நடுவே வெட்டப்பட்டன. தமிழின் உகரம் கீழே கிடப்பதால், இறுக்கிய பெட்டியில் முதலில் அறுபடுவதும் அதுதான்.

எழுத்து இடைவெளியில் நான் அந்த 0.12 ஐத் தமிழுக்குப் பரிந்துரைக்கமாட்டேன். வலிந்து விரித்தால் கொம்பும் காலும் தங்கள் எழுத்தைவிட்டு விலகி நிற்பதுபோலத் தோன்றும். அடுத்த எழுத்தோடு ஒட்டுமா என்று கண் தயங்கும். ஆனால் கையேட்டில் உள்ள −0.02em, அதாவது எழுத்துகளை ஒன்றோடொன்று நெருக்குவது, மன்னிக்க முடியாதது. ஆங்கிலத் தலைப்புக்கு அழகு தரும் நெருக்கம் அது. தமிழில் 'ணா'வின் காலும் அடுத்த எழுத்தின் கொம்பும் ஒன்றாகிவிடும். பூச்சியம் போதும். பந்தியை இரு ஓரமும் சமப்படுத்துவதையும் விட்டுவிடலாம். எங்கள் சொற்கள் நீளம். கைத்தொலைபேசியின் அகலம் குறைவு. ஒரு வரிக்கு மூன்று சொல் விழுந்தால் நடுவே மாட்டுவண்டி போகும் இடைவெளி திறக்கும்.

இதெல்லாம் நடக்கக்கூடியதா என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். பி.பி.சி. தமிழோசை வானொலி 2017 ஏப்ரலோடு நின்றது. அதைக் கேட்டு வளர்ந்த எங்கள் வயதினர் இன்று அதன் இணையத்தளத்துக்குப் போகிறோம். பி.பி.சி.யின் வடிவமைப்புக் கையேட்டுக்கு GEL என்று பெயர். உலகத்தின் மிக இறுக்கமான பிராண்ட்களில் ஒன்று அது. ஆயினும் உலக சேவைத் தளங்களை இயக்கும் நிரலைப் பாருங்கள். Simorgh என்ற பெயரில் GitHub இல் எவரும் பார்க்கத் திறந்திருக்கிறது. எழுத்தின் அளவும் வரி உயரமும் எல்லா மொழிக்கும் ஒன்றாக இல்லை. இலத்தீனுக்கு ஓர் அட்டவணை, அரபுக்கு ஒன்று, பர்மியத்துக்கு ஒன்று, சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்குத் தனியாக ஒன்று. சின்னம் ஒன்றே, எழுத்து விதி பல. லண்டன்காரர் தமிழுக்குத் தனி அட்டவணை போடலாம். தமிழர் நடத்தும் தளத்தில் ஆங்கில அட்டவணை. வெட்கப்பட வேண்டியவர் யார் என்பதை வாசகர்களிடமே விட்டுவிடுகிறேன்.

எனக்கு வந்த மறுப்புகளில் இரண்டுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஒன்று: 'வேண்டியவர் விரலால் பெரிதாக்கிக்கொள்ளலாமே?' அந்தத் தளத்தின் மூலநிரலில் இந்த வரி இருக்கிறது:

```html
<meta name="viewport" content="width=device-width,
  maximum-scale=1, user-scalable=no">
```

பெரிதாக்காதே என்று கைத்தொலைபேசிக்கு இடும் கட்டளை இது. ஐபோன் 2016 முதல் இதை மதிப்பதில்லை. ஆனால் மாஸ்டரின் அன்ட்ரொயிட் உலாவி மதிக்கிறது. கதவைப் பூட்டிவிட்டு 'உள்ளே வரலாமே' என்கிறார்கள். மரண அறிவித்தலைப் படமாக ஏற்றும் வழக்கம் இதைவிட மோசம். படத்தைப் பெரிதாக்கினால் வரி மடியாது, ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளவேண்டும், எழுத்தும் மங்கும்.

மற்றது: 'A+ பொத்தான் வைத்துவிட்டால் போதாதா?' இந்திய அரசுத் தளங்களின் உச்சியில் அந்தப் பொத்தான்களைப் பார்த்திருப்பீர்கள். அமத்தினால் சில தளங்களில் செய்தி மட்டும் பெரிதாகும், பட்டியல் பெரிதாகாது. பொத்தானே சின்னது, அதைக் கண்டுபிடிக்க நல்ல கண் வேண்டும். அடிப்படை அளவைச் சரியாக வைத்த பின் அதுவும் இருந்தால் ஆட்சேபமில்லை. அதற்குப் பதிலாக இது என்றால், அது கடைவாசலில் படியைக் கட்டிவிட்டு ஊன்றுகோல் விற்பது.

சட்டம் வருமா என்றும் சிலர் கேட்டார்கள். கனடாவின் ஒன்ராறியோவில் ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களின் தளங்கள் 2021 முதல் WCAG 2.0 க்கு இணங்கவேண்டும். எங்கள் தளங்களில் பெரும்பாலானவை நாலைந்து பேர் நடத்துபவை. சட்டம் அவர்களைத் தொடாது.

ஆகவே, சும்மா குறை சொன்னேன் என்று இருக்கக்கூடாதென்று, அந்தக் கையேட்டில் சேர்க்க ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறேன். இணையம் தெரிந்த மருமகன் உதவினான். செய்தி எழுத்து 20 பிக்சலுக்குச் சமம். கைத்தொலைபேசியில் அது ஏறத்தாழ 9 பொயின்ற், அதாவது பழைய பத்திரிகை எழுத்தைவிட இன்னும் சற்றுச் சிறிதுதான். பிக்சல் என்று இறுக்காமல் rem என்ற அலகில் எழுதினால், உலாவியின் அமைப்பில் வாசகர் எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கும்போது பக்கமும் அதற்கேற்ப வளரும். வரி உயரம் 1.7. நிறம் #333333, வெள்ளையில் அதன் கணக்கு 12.6. துணைத் தகவலுக்கு சாம்பல் வேண்டுமென்று அடம்பிடித்தால் #595959 வரை, அது 7. 'லைட்' எழுத்துருவுக்கு இடமில்லை. திகதி, நேரம், இடம் ஆகிய மூன்றும் துணைத் தகவல் அல்ல. அவை செய்தியைவிடச் சிறிதாகவோ வெளிறியோ இருக்கலாகாது. படமாக ஏறும் எந்த அறிவித்தலின் கீழும் அதே விபரம் எழுத்தாகவும் வரவேண்டும்.

```css
p:lang(ta) {
  font-size: 1.25rem;
  line-height: 1.7;
  letter-spacing: 0;
  text-align: left;
  color: #333333;
}
```

இது வேலைசெய்யப் பக்கத்தின் தலையில் `lang="ta"` என்று இருக்கவேண்டும். அந்தத் தளத்தில் `lang="en"` என்று இருக்கிறது. வார்ப்புருவை வாங்கியவர்கள் மாற்ற மறந்துவிட்டார்கள் போலும். தமிழ்ப் பக்கம் தன்னை ஆங்கிலம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறது.

பக்கத்தின் அடியில் ஒரு சோதனையையும் எழுதினேன். கல்/கல, பேறு/பெறு, மனம்/மணம், 13/15, 6/8 ஆகிய சோடிகளை அந்தத் தளத்தின் எழுத்தில் கலைத்துப் போட்டு, எழுபதைத் தாண்டிய ஐந்து பேரிடம், அவர்களின் சொந்தக் கைத்தொலைபேசியில், பகல் வெளிச்சத்தில் முற்றத்தில் வைத்து வாசிக்கக் கொடுக்கவேண்டும். ஒருவர் ஒரு சோடியில் தடுமாறினாலும் எண்ணைக் கூட்டவேண்டும். அலுவலகத்தின் பெரிய திரையில் வைத்து 'நன்றாகத்தானே தெரிகிறது' என்பது சோதனையல்ல.

அந்தத் தம்பி நேற்று இரவு பதில் எழுதியிருந்தார். பெரிதாக்கலைத் தடுக்கும் வரியை அன்றே நீக்கிவிட்டாராம். அதற்கு எவரின் அனுமதியும் தேவைப்படவில்லையாம். மற்றவை நிர்வாகக் கூட்டத்துக்குப் போகின்றன. தன்னுடைய அம்மம்மா ஒஸ்லோவில் இருக்கிறார், வயது எழுபத்தெட்டு, சோதனைப் பட்டியலை அவருக்கு அனுப்பினேன், 13ஐயும் 15ஐயும் மாற்றி வாசித்தார் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்.

மாஸ்டர் இன்று காலை வேம்பின் கீழ் கைத்தொலைபேசியை விரலால் விரித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தின் முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.